ரெஸ்யூமில் நாலு பிழை: ஏற்றுமதி டாக்குமென்ட் வேலைக்கு இவரை எடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனம் வைத்திருக்கிறேன். டாக்குமென்டேஷன் வேலைக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு நாலு வருஷ அனுபவம். ஆனால் ரெஸ்யூமில் இரண்டு சொற்களில் எழுத்துப்பிழை. தேதி ஓரிடத்தில் மாதப் பெயரோடு, இன்னோரிடத்தில் வெறும் எண்ணாக. "மாதம் 40 ஷிப்மென்ட்" என்று மேலே, "60" என்று கீழே. இன்னொருவர் புதிது. ரெஸ்யூம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. சொந்த ரெஸ்யூமையே சரி பார்க்காதவர் என் பில்லை எப்படிப் பார்ப்பார்?

பதில்: எழுத்துப்பிழைக்காக முதல் ஆளை ஒதுக்காதீர்கள். அந்த 40, 60 விஷயத்தை மட்டும் விடாதீர்கள், கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், உங்கள் பில்லைப் பார்க்கிற வங்கியே அப்படித்தான் பிரிக்கிறது. எல்.சி. என்பது பையர் சார்பில் அவர் வங்கி தரும் பண உறுதிக் கடிதம். அதற்கான டாக்குமென்ட்களை வங்கி யூ.சி.பி. 600 விதிகளின்படி பார்க்கும். அந்த விதிகளை நடைமுறையில் எப்படிப் பொருத்துவது என்று விளக்கும் ஐ.எஸ்.பி.பி.யில் இதற்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. மெஷின் என்ற ஆங்கிலச் சொல்லில் சி.ஹெச். வர வேண்டிய இடத்தில் எஸ்.ஹெச். அடித்திருந்தால் அது டிஸ்கிரிபன்சி என்கிற, பணத்தை நிறுத்தும் குறை ஆகாது. பொருள் புரிகிறது, அவ்வளவுதான். அதே பேப்பரில் மாடல் 321 என்பது 123 என்று இருந்தால் அது முரண்பாடு, வங்கி டிஸ்கிரிபன்சி போடும். ஆக, எழுத்து தவறினால் பரவாயில்லை, விவரம் தவறினால் பணம் நிற்கும். ரெஸ்யூமையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

அந்த இரண்டு எழுத்துப்பிழையும் எப்படிப்பட்டவை என்று கவனியுங்கள். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாக எழுதியிருந்தால் அவருக்கு அந்த ஸ்பெல்லிங் தெரியாது, அவ்வளவுதான். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பல நல்ல டாக்குமென்ட் ஆட்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் சரி, இன்னொரு இடத்தில் தப்பு என்றால்தான் திரும்பப் படிக்காமல் அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். அதையும் கொஞ்சமாகத்தான் எடைபோட வேண்டும். தான் எழுதியதில் தன் கண்ணுக்குப் பிழை தெரியாது. மனம் எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும். உங்கள் வேலையோ அடுத்தவர் பேப்பரை எல்.சி.யோடு ஒட்டிப் பார்ப்பது. அது வேறு திறமை.

தேதி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். மாதத்தை எழுத்தில் போட்டால் எந்த வடிவமும் சரிதான். 03/04 என்று வெறும் எண்ணில் போட்டால் அமெரிக்க பையர் அதை மார்ச் 4 என்று படிப்பார், நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். நாலு வருஷம் இந்த வேலை பார்த்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். "ஏன் மாதத்தை எழுத்தில் போடச் சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். உடனே விளக்கினால் ரெஸ்யூமில் இருக்கும் தேதிக் குழப்பத்தை மறந்துவிடலாம்.

40, 60 என்பதற்கு நல்ல பதிலும் இருக்கலாம். பழைய கம்பெனியில் 40, இப்போது 60 என்றிருக்கலாம். வேலை பார்த்த தேதிகளை நீங்களே ஒரு பேப்பரில் கூட்டிப் பாருங்கள், நாலு வருஷம் வருகிறதா என்று. வரவில்லை என்றால் அது பிழை அல்ல, மிகைப்படுத்தல்.

அடுத்து, கண்ணாடி மாதிரி ரெஸ்யூம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த ரெஸ்யூமை எழுதியது யார்? பிரவுசிங் சென்டரா, கல்லூரி கொடுத்த மாடலா, கன்சல்டன்சியா? கன்சல்டன்சி மூலம் வரும் ரெஸ்யூமை அப்படியே நம்பாதீர்கள். ஆளின் ஃபைலை வாங்கித் தங்கள் லெட்டர்ஹெட்டில் திரும்ப அடிக்கிறார்கள். நீங்கள் நேராகப் பேசிவிடக்கூடாது என்று போன் நம்பரை எடுத்துவிடுகிறார்கள். அடிக்கும்போது தாங்களே பிழையும் சேர்க்கிறார்கள். ஒருமுறை அப்படி வந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமில் வேலையை விட்ட வருஷம், சேர்ந்த வருஷத்துக்கு முன்னால் இருந்தது. நான் ஒதுக்கிவிட்டேன். பிறகு வேறு வழியில் அவர் சொந்தப் பிரதி கைக்கு வந்தது. அதில் தேதி சரியாக இருந்தது! இப்படித் தப்பாக அடித்துக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் முதல் மாதச் சம்பளத்தையும் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்க ஆளில்லை. எனவே விண்ணப்பதாரரிடமிருந்தே நேராக, பி.டி.எஃப். ஆக வாங்குங்கள். வேர்ட் ஃபைல் வேறு கம்ப்யூட்டரில் திறந்தாலே எழுத்துருவும் இடைவெளியும் கலைந்துவிடும். அதற்கு அவர் பொறுப்பில்லை.

ஒரு விலக்கையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில்தான் இது அதிகம். பெயர் வித்தியாசத்தைக் கவனக்குறைவாக எண்ணாதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் ஒரு பக்கம் இருக்கும், ஆதாரில் இன்னொரு பக்கம் இருக்கலாம். பான் விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டிலும் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் வைத்திருப்பதால் அப்பா பெயர் முழுதாக அங்கே போய் உட்கார்ந்திருக்கும். ஒன்றில் "த"வுக்கு டி.ஹெச்., இன்னொன்றில் வெறும் டி. இது எதுவும் அந்தப் பிள்ளை செய்த பிழை இல்லை. நம் பெயர் வைக்கும் முறைக்குப் பொருந்தாத படிவத்தை நீட்டிவிட்டு, பெயர் ஒத்துப்போகவில்லை என்று நம்மையே திருப்பி அனுப்புகிற அமைப்பு இது. பி.எஃப். கணக்குக்கு ஆதார் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்பதால் வேலைக்குச் சேரும்போது கேட்டுச் சரி செய்துகொள்ளுங்கள். தேர்வு செய்யும்போது இதற்கு மார்க் குறைக்காதீர்கள்.

அப்புறம், எதை வைத்து முடிவு செய்வது? அரை மணி நேரச் சோதனை ஒன்று வையுங்கள். பழைய எல்.சி. ஒன்றின் நகலில் பையர் பெயரை மாற்றிவிட்டு, அதற்கேற்ற இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பி.எல். மூன்றும் தயார் செய்யுங்கள். உதாரணமாக எல்.சி.யில் ஸ்டைல் 4417, 4,800 டி-ஷர்ட், பெட்டிக்கு 40 வீதம் 120 பெட்டி, பீஸ் 3.25 டாலர், மொத்தம் 15,600 டாலர் என்று இருக்கட்டும். பேக்கிங் லிஸ்ட்டில் ஸ்டைலை 4471 ஆக்குங்கள், பெட்டிகளை 118 ஆக்குங்கள், நிகர எடையை மொத்த எடையைவிட அதிகமாகப் போடுங்கள். இன்வாய்ஸில் மொத்தத்தை 15,060 ஆக்குங்கள். பி.எல். தேதி கடைசி ஷிப்மென்ட் தேதிக்கு இரண்டு நாள் தாண்டியிருக்கட்டும். இந்த ஐந்தோடு, காட்டன் என்ற சொல்லில் ஒரு எழுத்தையும் மாற்றிவையுங்கள்.

இருவருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், கையில் பேனா. காட்டனை வட்டம் போட்டுவிட்டு 4471-ஐத் தாண்டிப் போகிறவர் பேப்பரைப் படிக்கிறார், ஒப்பிடவில்லை. எல்.சி.யின் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, மற்ற மூன்றிலும் அதைத் தேடுகிறவர் வேலை தெரிந்தவர். நாலுக்குக் குறைவாகக் கண்டுபிடித்தால், ரெஸ்யூம் எப்படி இருந்தாலும் தனியாக பில்லை ஒப்படைக்க முடியாது. புதியவருக்கு எல்.சி. என்றால் என்ன என்று முதலில் பத்து நிமிடம் விளக்குங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது கவனத்தை அல்ல, அனுபவத்தை.

நான் 100-க்குப் போடுகிற கணக்கு: இந்தச் சோதனைக்கு 60, நேர்முகப் பேச்சுக்கும் பழைய முதலாளியிடம் விசாரிப்பதற்கும் 30, ரெஸ்யூமின் சுத்தத்துக்கு 10. அந்தப் பத்திலும் எழுத்துப்பிழைக்கு இரண்டுக்கு மேல் குறைப்பதில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் முதல் ஆளுக்கு, 40-60க்குச் சரியான விளக்கம் சொன்னால், ஏழு போடுவேன். யாரை எடுத்தாலும் முதல் மூன்று மாதம் பில் வங்கிக்குப் போகும் முன் இன்னொருவர் கண்ணிலும் படட்டும். வங்கிக்கு அதைப் பார்க்க ஐந்து வேலை நாள் இருக்கிறது, நமக்கு ஒரு மணி நேரம் போதும்.