கெட்டிப் பாறையை நம்பலாமா?

கே: எங்க பக்கம் மலையெல்லாம் கெட்டிப் பாறை. அணுக்கழிவை இப்படி ஒரு பாறையில் அரை கிலோமீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டால் எதுவும் வெளியே வராதுதானே?
— வாசகர், குடியாத்தம்

ப: உங்கள் ஊரில் போர்வெல் போடுகிறவரைக் கேளுங்கள். நூற்றுக்கணக்கான அடிக்குக் கல்மாவுதான் பறக்கும். ஒரு வெடிப்பைத் தொட்டதும் தண்ணீர் பீய்ச்சும். கருங்கல்லுக்குள் தண்ணீர் ஓடுவதே வெடிப்புகளில்தான். பின்லாந்தில் சுமார் 430 மீட்டர் ஆழத்தில் அணுக்கழிவைப் புதைக்கவென்றே குடைந்திருக்கும் ஓன்கலோ சுரங்கத்துப் பாறையிலும் வெடிப்பு உண்டு. அதனால்தான் கழிவைச் செம்புக் கலத்தில் அடைத்துச் சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணைத் திணிக்கிறார்கள். கலம் என்றோ ஒருநாள் ஓட்டையானால், அதன்பின் பாறையின் வேலை கழிவைத் தாமதப்படுத்துவது. அந்தத் தாமதத்துக்குள் கதிரியக்கம் செத்துவிட வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். தண்ணீர் மேலே வர 100 ஆண்டு ஆகிறது என்று வையுங்கள். சீசியம்-137 வழியெல்லாம் கல்லில் ஒட்டி ஒட்டி, தண்ணீரைவிடப் பத்து மடங்கு மெதுவாக வருகிறது: 1000 ஆண்டு. 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் பொருள் அது. 33 முறை பாதியானால் 800 கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதே பத்து மடங்குத் தாமதம் புளூட்டோனியம்-239க்குப் போதாது. அது பாதியாக 24,100 ஆண்டு. 1000 ஆண்டில் 97 சதவீதம் அப்படியே வந்து சேரும். அதைப் பல்லாயிரம் மடங்கு தாமதப்படுத்த வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாத ஆழத்துத் தண்ணீரில் புளூட்டோனியம் கரைவதே அரிது, கரைந்ததும் கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அது நடக்கும். ஆக்ஸிஜன் அங்கே இறங்கியதா என்பதை வெடிப்பின் முகமே காட்டிக்கொடுக்கும்: இரும்புப் பைரைட் பளபளப்பாக இருந்தால் நல்லது, பழுப்புத் துரு படிந்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

அயோடின்-129 இந்தக் கணக்கில் அடங்காது. எதிர்மின் அயனியாகக் கரைவதால் கல்லில் ஒட்டாது. பாதியாக ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல். அதற்குப் பாறையும் காலமும் உதவாது. அளவு குறைவு, கதிர்வீச்சு மந்தம், கலத்திலிருந்து கசிவது மெதுவாக என்பதால்தான் சமாளிக்கிறார்கள்.

இதை இவ்வளவு நீட்டக் காரணம் ராணிப்பேட்டை. அங்கே மூடிப்போன ஆலையின் குரோமியக் கழிவு திறந்த வெளியில் மலையாகக் கிடந்ததையும், மழைக்கு மஞ்சள் தண்ணீர் ஓடியதையும் இந்தப் பக்கத்தில் விடாமல் எழுதி வருகிறேன். அந்தக் கழிவில் உள்ள நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமும் அயோடினைப் போல எதிர்மின் அயனியாகத்தான் கரைகிறது. கல் அதை அவ்வளவாகப் பிடித்து வைக்காது. அதற்குப் பாதியாகும் காலமும் கிடையாது, ஆயிரம் ஆண்டு காத்திருந்தாலும் அது குரோமியம்தான். இரும்பு உப்பு கொடுத்து மூன்று இணைதிறனாக மாற்றினால் கரையாமல் மண்ணோடு நிற்கும். லட்சம் ஆண்டுக்கு அப்பால் வரும் கசிவுக்கு பின்லாந்தில் கணக்குப் போடுகிறார்கள். நம் பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கு அந்தக் கணக்கை எப்போது போடப்போகிறோம்?