100 மில்லிவோல்ட் சிக்னல் டயோடைத் தாண்டவில்லை. ஆப்-ஆம்ப் எப்படி உதவும்?

*“மைக் முன்பெருக்கியிலிருந்து 100 மில்லிவோல்ட் உச்சமுள்ள சிக்னல் வருகிறது. 1N4148 வழியாக விட்டால் மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஆப்-ஆம்ப் போடு என்கிறார்கள். அது என்ன செய்யும்?”*

டயோடு கேட்கும் அரை வோல்ட்டை ஆப்-ஆம்ப் தன் கையிலிருந்து கொடுத்துவிடும். ஆப்-ஆம்பின் வெளியீட்டில் டயோடை வைத்து, பின்னூட்டத்தை டயோடுக்கு அப்பாலிருந்து எடுக்க வேண்டும். சூட்சுமம் அவ்வளவுதான். உள்ளே 100 மில்லிவோல்ட் வந்தால், டயோடின் மறுபக்கமும் 100 மில்லிவோல்ட் ஆகும்வரை ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை ஏற்றிக்கொண்டே போகும். 10 கிலோ ஓம் சுமையோடு அளந்தால், ஆப்-ஆம்பின் காலில் சுமார் அரை வோல்ட் இருக்கும். சுமையில் சரியாக 100 மில்லிவோல்ட்.

நானும் முதலில் ஒரு 741-ஐ இப்படித்தான் இணைத்தேன். 1 கிலோஹெர்ட்ஸில் அலை அழகாக இருந்தது. 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போனதும் ஒவ்வொரு மேட்டின் முன்பாதியும் காணாமல் போயிற்று. டயோடு கெட்டுவிட்டதென்று இரண்டு முறை மாற்றினேன். பாவம், அதன்மேல் குற்றமே இல்லை. ஆசிலோஸ்கோப் முனையை 741-இன் 6-ஆம் காலில் வைத்தபோதுதான் புரிந்தது. எதிர் அரைச்சுற்றில் டயோடு அடைபடுகிறது, பின்னூட்டம் அறுந்துபோகிறது, வெளியீடு −13 வோல்ட் வரை விழுந்து கிடக்கிறது. அங்கிருந்து ஏறி வர வேண்டும். 741 மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட்தான் ஏறும். ஆக 27 மைக்ரோவினாடி. 10 கிலோஹெர்ட்ஸில் அரைச்சுற்றே 50 மைக்ரோவினாடிதான்!

எனவே இரண்டு டயோடு சுற்றையே போடுங்கள். சிக்னல் 10 கிலோ ஓம் வழியாக 2-ஆம் காலுக்கு. 3-ஆம் கால் தரைக்கு. 6-ஆம் காலிலிருந்து ஒரு டயோடு வெளியீட்டு முனைக்கு. அந்த முனையிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம் 2-ஆம் காலுக்குத் திரும்புகிறது. இரண்டாவது டயோடின் ஆனோடு 2-இலும் கேத்தோடு 6-இலும் இருக்கட்டும். இப்போது எதிர் அரைச்சுற்று நேர் அரைச்சுற்றாகத் திரும்பி வெளியே வரும். நேர் அரைச்சுற்றில் இரண்டாவது டயோடு பின்னூட்டத்தை அறுபடாமல் பிடித்துக்கொள்வதால், 6-ஆம் கால் −0.5 வோல்ட்டுக்குக் கீழே அதிகம் இறங்காது. தாண்ட வேண்டியது ஒரு வோல்ட், 741-க்கு 2 மைக்ரோவினாடி. TL072 போட்டால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதில் கால் எண்கள் வேறு, பார்த்து இணையுங்கள்.

வெளியீட்டில் நேரடியாக மின்தேக்கியை வைக்காதீர்கள். அது 10 கிலோ ஓம் வழியாக 2-ஆம் காலுக்கு வடிந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு பஃபர் வேண்டும்.

நாளை உங்கள் சிக்னல் 5 மில்லிவோல்ட்டாகச் சுருங்கினால் இதுவும் போதாது. 741-இன் ஆஃப்செட் ஒரு மில்லிவோல்ட் என்றாலும், இந்தச் சுற்றில் அது வெளியே இரண்டாகத் தெரியும். அப்போது முதலில் நூறு மடங்கு பெருக்கி, ஒரு மின்தேக்கி வழியாக எடுத்து, பிறகு இந்தச் சுற்றில் விடுங்கள்.