அப்பா வீட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ்: பணம் யாருக்கு வரும்?

சேலத்தில் பல வருஷம் தீ, மழைச் சேதங்களுக்கு சர்வேயராக இருந்தவர், பரம்பரை வீடு, கூட்டு வீடு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஏற்காடு: அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சுங்க. வீட்டு பாலிசியை அவர் பேர்லயே நான் புதுப்பிச்சுட்டு வந்தேன். போன மழையில சில்வர் ஓக் மரம் சாய்ஞ்சு பின்பக்க ஓடும் சுவரும் போச்சு. "பாலிசிதாரர் உயிரோட இல்ல"ன்னு கம்பெனி கைவிரிக்குது. எனக்கு இன்ஷ்யூரபிள் இன்ட்ரஸ்ட் இல்லையா?

இருக்கிறது. வீடு இடிந்தால் கைக்காசு யாருக்கு நஷ்டமோ, அவருக்கு அந்த இன்ட்ரஸ்ட் உண்டு. அப்பா கண்ணை மூடிய நாளிலேயே, பட்டா மாறாவிட்டாலும், வாரிசுக்கு அது வந்துவிடுகிறது. உங்கள் சிக்கல் வேறு: பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்பது.

அப்பா இறந்தபோது நடப்பில் இருந்த பாலிசி, அதன் காலம் முடியும் வரை வாரிசுகளுக்குச் செல்லும். ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பும் புது ஒப்பந்தம். இறந்தவரோடு ஒப்பந்தம் போட முடியாது என்று கம்பெனி சொல்வதில் சட்டப்படி பலம் இருக்கிறது. அவர் இறந்தது அவர்களுக்குத் தெரியுமா? இறப்புச் சான்றிதழ் கொடுத்தீர்களா? இதைப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: பட்டா என் பேர்ல, பிரீமியம் கட்டுறது நான். அப்ப முழுப் பணமும் எனக்குத்தானே சார்? அக்காவுக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆச்சு.

பாதி சரி. பாலிசி உங்கள் பெயரில் இருந்தால் கிளைம் போடுவது நீங்கள்தான். ஆனால் பட்டா வருவாய்த்துறைப் பதிவு; அக்காவின் பங்கை அது அழிக்காது. வீடு அப்பா சம்பாதித்தது, உயில் இல்லை என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனதால் எதுவும் மாறாது.

சர்வேயர் சேதத்தை ₹4,50,000 என்று மதிப்பிட்டார் என்று வையுங்கள். பாலிசி உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், உங்கள் நஷ்டம் மூன்றில் ஒன்று, ₹1,50,000 என்று கம்பெனி நிற்கலாம். மற்ற இருவருக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன் என்று அப்போது வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். மூவர் பெயரும் பாலிசியில் இருந்தால் அந்தப் பேச்சே எழாது. வாரிசுச் சான்றிதழோடு ஒரு கடிதம் கொடுத்து, மூவர் பெயரையும் பாலிசியில் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் வாங்கிவிடுங்கள்.

அக்கா பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் கணக்கு வேறு. "எனக்கு வேண்டாம்டா" என்று பண்டிகைக்கு வந்தபோது சொன்னது கணக்கில் சேராது. பூர்வீகச் சொத்து என்றாலும் பங்கு மாறும். பத்திரத்தைப் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன்.

ஓசூரில் இருந்து: நான் அந்த அக்கா மாதிரிதான். அண்ணன் பாலிசியே எடுக்க மாட்டேங்கிறார். அங்க குடியில்லாத நான் எடுக்கலாமா?

தாராளமாக. குடியிருக்க வேண்டும் என்பதில்லை, பங்கு இருந்தால் போதும். விண்ணப்பத்தில் உங்கள் பங்கையும், வீட்டில் யார் இருக்கிறார், பூட்டிக் கிடக்கிறதா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் அண்ணனும் எடுத்தால், இரண்டு கம்பெனிகளுக்கும் தெரியப்படுத்துங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு முறை பணம் வராது.

அம்மாபேட்டை: எங்க வீட்டுக்காரர் எல்.ஐ.சி.யில நான்தான் நாமினி. அப்ப வீடும் எனக்குத்தானுங்களே?

அம்மா, அது வேறு கணக்கு. ஆயுள் பாலிசி நாமினி என்பதால் வீடு யாருக்கும் போகாது. வீடு வாரிசுப்படி போகும். இன்னொன்று: ஆயுள் பாலிசியில் எடுக்கும் நாளில் இன்ட்ரஸ்ட் இருந்தால் போதும். வீட்டுக்கு, எடுக்கும்போதும் வேண்டும், சேதம் நடக்கும் நாளிலும் வேண்டும். வீட்டை விற்றுவிட்டு பழைய பாலிசியைக் காட்டிக் கேட்டால் பைசா வராது.

அஸ்தம்பட்டி: வீட்டுக்கடன் பாக்கி இருக்கு. பணம் பேங்குக்குப் போயிடுமா?

பாலிசியில் வங்கியின் பெயர் இருந்தால் பாக்கி அளவுக்கு முதல் உரிமை அவர்களுக்கு. மீதி உங்களுக்கு. பழுது பார்க்கவே பணம் வேண்டும் என்றால், வங்கியிடம் எழுத்தில் சம்மதம் கேட்கலாம். பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

மீண்டும் ஏற்காடு: ஏஜென்டுக்குத் தெரியும் சார், துக்கத்துக்கே வந்தாரு. பிரீமியம் என் பேங்க் கணக்குல இருந்துதான் போச்சு. சான்றிதழ் குடுக்கலை.

அது உங்கள் பக்கம் கொஞ்சம் பலம், முழு பலம் அல்ல. ஏஜென்டுக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரிந்ததாகுமா என்பதில் இரண்டு பக்கமும் பேச இடம் உண்டு. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். வங்கிக் கணக்கு விவரம், இறப்பு மற்றும் வாரிசுச் சான்றிதழ்களை இணையுங்கள். கிளைம் இல்லை என்றால் மூன்று வருஷப் பிரீமியத்தையாவது திருப்பித் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒத்துக்கொள்ள முடியாததாக இருந்தாலோ, ஒரு வருஷத்துக்குள் சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வாரிசும் மனு போடலாம், வக்கீல் தேவையில்லை.

மரம் இன்னும் கிடக்கிறதென்றால், அறுப்பதற்கு முன் விழுந்த கோலத்திலேயே சுவரோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.