ஹீமோலைஸ்டு சாம்பிளில் பொட்டாசியம்: கேள்வியும் பதிலும்

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு, டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். பொட்டாசியம் 6.4 என்று வந்திருக்கிறது, கீழே ‘சாம்பிள் ஹீமோலைஸ்டு’ என்று போட்டிருக்கிறார்கள். லேப்பில் கேட்டால் "அப்படித்தான் வரும், பயப்படாதீர்கள்" என்கிறார்கள். விட்டுவிடலாமா ஐயா?

விட்டுவிடக் கூடாது, இன்றே மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். ‘ஹீமோலைஸ்டு’ என்றால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். சிவப்பணுவுக்கு உள்ளே இருக்கும் பொட்டாசியத்தின் அடர்வு வெளியே சீரத்தில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல். ரத்தம் எடுக்கும்போதோ டியூபில் விடும்போதோ அணுக்களில் ஒரு சிறு பங்கு உடைந்தாலும், உள்ளே இருந்த பொட்டாசியம் சீரத்தில் கலந்து அளவை உயர்த்திவிடும். எனவே லேப்பில் சொன்னது நடக்கக் கூடியதுதான். ஆனால் டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உண்மையிலேயே ஏற்றக் கூடிய மாத்திரை. பல ஆண்டுகள் சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறுவதும் உண்டு. இந்த 6.4-இல் எவ்வளவு டியூபில் வந்தது, எவ்வளவு உடம்பில் இருந்தது என்பதை இந்த ரிப்போர்ட்டை வைத்துப் பிரிக்க இயலாது.

மறுபடி எடுக்கும்போது முழங்கை மடிப்பில் நல்ல நரம்பாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருக்கக் கூடாது. கையை மூடி மூடித் திறக்கச் சொல்லக் கூடாது, ஏனெனில் தசையிலிருந்து வரும் பொட்டாசியமும் அளவை உயர்த்தும். தடவிய ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். சிரிஞ்சில் எடுத்தால் பிஸ்டனை வேகமாக இழுப்பதும், ஊசியைக் கழற்றாமலே ரத்தத்தை டியூபுக்குள் அழுத்திச் செலுத்துவதும்தான் அணுக்கள் உடைய முக்கியக் காரணங்கள். கூடவே ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், ஆனால் அது சரியாக இருப்பதால் மட்டும் பொட்டாசியம் சரி என்று முடிவு கட்ட வேண்டாம். அப்பாவுக்குக் கை கால் சோர்வோ படபடப்போ இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆரணியிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்: சீரம் தெளிவாக, மஞ்சளாக இருந்தால் பொட்டாசியம் அளவை அப்படியே நம்பலாம் என்பதுதான் எங்கள் வழக்கம். சரிதானே ஐயா?

பாதி சரி. அணு உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியேறிச் சீரம் சிவக்கும், நீங்கள் கண்ணால் பிடித்துவிடுவீர்கள். ஆனால் அணு உடையாமலே பொட்டாசியம் மட்டும் கசியும் நிலையும் உண்டு. மாலையில் எடுத்த ரத்தத்தைச் சீரம் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வேலூருக்கு அனுப்பினால் அதுதான் நடக்கிறது. பொட்டாசியத்தை அணுவுக்குள் தக்கவைக்கும் பம்ப் குளிரில் ஓய்ந்துவிடுகிறது; சீரம் தெளிவாகவே இருக்க, பொட்டாசியம் மட்டும் ஏறியிருக்கும். நம் ஊர்க் கோடை வெயிலில் முதல் சில மணி நேரம் இதற்கு எதிர்மாறாக நடக்கும்: பம்ப் மும்முரமாக வேலை செய்து பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதால் அளவு குறைந்து காட்டும், பிறகு டியூபில் இருக்கும் சர்க்கரை தீர்ந்ததும் ஏறத் தொடங்கும். ஆகவே ரத்தம் உறைய அரை மணி நேரம் விட்டு, உங்கள் ஊரிலேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றிச் சீரத்தைப் பிரித்து அனுப்புவதுதான் வழி.

தெளிவான சீரத்தில் பொட்டாசியம் மிக அதிகமாகவும், கால்சியமும் ஏ.எல்.பி. என்சைமும் காரணமின்றி மிகக் குறைவாகவும் இருந்தால், ஊதா மூடி டியூபிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. கலந்துவிட்டதா என்று பாருங்கள். அது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாலாஜாவிலிருந்து ஒரு செவிலியர்: சீரத்தில் உள்ள ஹீமோகுளோபினை மெஷினே காட்டுகிறது. அதற்கேற்ப ஒரு தொகையைக் கழித்துப் பொட்டாசியத்தைச் சொல்லிவிட்டால் நோயாளியை இன்னொரு முறை குத்த வேண்டாமே?

உங்கள் இரக்கம் புரிகிறது, கழிப்பதற்குச் சூத்திரங்களும் இருக்கின்றன. ஆனால் அவை சராசரிக் கணக்குகள். ஒருவருக்கு ஒருவர் மாறுபாடு பெரிது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஹீமோலைஸ்டு என்றால் எல்லோரும் பொய்யான உயர்வையே நினைக்கிறார்கள். மறைக்கப்படும் குறைவை நினைப்பதில்லை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, கூடவே சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைடு மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு நன்றாகச் சிவந்த சீரத்தில் பொட்டாசியம் 4.0 என்று வருகிறது என்று வையுங்கள். பார்ப்பதற்கு இயல்பான எண். ஆனால் உடைந்த அணுக்கள் அதில் 1.0 அளவைக் கூட்டியிருந்தால் உடம்பில் இருப்பது 3.0, அது இதயத் துடிப்பைக் குலைக்கக் கூடிய குறைவு. அந்த 4.0-ஐக் கண்டு யாரும் மறுபடி எடுக்கச் சொல்வதில்லை.

சில ஆய்வகங்கள் எண்ணை வெளியிட்டுக் குறிப்பு எழுதுகின்றன. சில பொட்டாசியத்தை மட்டும் நிறுத்திவிட்டு, அதிகம் பாதிக்கப்படாத கிரியாட்டினின் போன்றவற்றைக் கொடுக்கின்றன. நான் இரண்டாவது பக்கம். ஆனால் நரம்பே கிடைக்காத குழந்தைக்கு என்ன செய்வது என்று மருத்துவர்கள் கேட்பது நியாயமான கேள்வி; அங்கே குறிப்போடு சேர்ந்த எண்ணும் ஏதோ ஒரு பயன் தரலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: எனக்கும் ‘ஹீமோலைஸ்டு’ என்று வந்தது. ரத்தம் கெட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? முருங்கைக்கீரையும் இரும்புச் சத்து மாத்திரையும் தொடங்கிவிட்டேன்.

அம்மா, அந்தக் குறிப்பு பெரும்பாலும் டியூபில் இருந்த ரத்தத்தைப் பற்றியது, உங்கள் உடம்பில் ஓடும் ரத்தத்தைப் பற்றியது அன்று. கீரை சாப்பிடலாம், மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம். நல்ல முறையில் மறுபடி எடுத்த சாம்பிளும் சிவந்தே வந்தால்தான் உடம்புக்குள் அணுக்கள் உடைகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்போது ஹாப்டோகுளோபின் என்ற புரதம் குறைந்திருக்கும், ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் இன்டைரக்ட் பிலிருபினும் பொதுவாக ஏறியிருக்கும், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகலாம். சிவப்பணுவுக்குள்ளும் இருக்கும் எல்.டி.எச். என்சைமை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. டியூபில் உடைந்தாலும் அது வெகுவாக ஏறும்.

ஆம்பூரிலிருந்து ஒருவர்: முந்தின இரவு பிரியாணி சாப்பிட்டேன். ‘லைபீமிக்’ என்று போட்டு, சோடியம் 126, ஹீமோகுளோபின் 17.2 என்று வந்தது. எல்லாம் பிரியாணியால்தானே?

சீரம் பால் போல் கலங்க உணவும் ஒரு காரணமாகலாம். ஆனால் சோடியம் பொய்யாக 126 வரை இறங்க ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் அதைச் செய்யாது. பெரும்பாலான பெரிய மெஷின்கள் சீரத்தை நீர்த்துச் சோடியத்தை அளக்கின்றன. கொழுப்பு பிடித்துக்கொண்ட இடத்தையும் நீர் என்றே எண்ணிக் குறைத்துக் காட்டுகின்றன. நீர்க்காமல் அளக்கும் பிளட் கேஸ் மெஷினில் மறுபடி பார்த்தால் உண்மை தெரியும். ஹீமோகுளோபினுக்கு, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பி.சி.வி. எவ்வளவு என்று பாருங்கள். அது 42 என்றால், ஹீமோகுளோபினை பி.சி.வி.யால் வகுத்து நூறால் பெருக்கி வரும் எம்.சி.எச்.சி. 41 ஆகிறது, 36-க்கு மேல் அது போவது அரிது. எனவே கலங்கலைத்தான் மெஷின் ஹீமோகுளோபினாகப் படித்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருந்து ட்ரைகிளிசரைடு பாருங்கள், அப்போதும் ஆயிரத்தைத் தாண்டினால் கணையம் பாதிக்கப்படும் ஆபத்து இருக்கிறது, மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: மஞ்சள் காமாலை வந்த மாமாவுக்கு ‘இக்டெரிக்’ என்று இருக்கிறது, கிரியாட்டினின் 0.6. கிட்னி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பிலிருபின் மிக அதிகமாக இருந்தால் வழக்கமான ஜாஃபே முறையில் கிரியாட்டினின் குறைந்து காட்டக் கூடும். என்சைம் முறையிலும் சில கிட்களில் இது உண்டு. பிலிருபின் எந்த அளவு வரை தங்கள் கிட் தாங்கும் என்று லேப்பில் கேளுங்கள், அது கிட்டுக்குக் கிட் மாறும். அதோடு மாமா ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் கழிக்கிறார் என்பதை அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.