நேர்காணலில் அடுத்த கேள்விக்குத் தயாரா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன், ப்ளஸ் டூ முடித்துவிட்டேன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி. படிப்புக்கு அடுத்த வாரம் நேர்காணல். ஏன் சட்டம், என்ன படிப்பாய், நாட்டு நடப்பு என்று கேட்பார்களாம். தினமும் பேப்பர் பார்ப்பேன், கதைப்புத்தகம் அதிகம் படித்ததில்லை. எப்படித் தயாராவது? நடுவில் தமிழில் பேசலாமா?

பதில்: இதுபோன்ற நேர்காணல் குழுக்களில் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். முதல் கேள்விக்கு எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஆளை எடைபோடுவது அதற்கு அடுத்த கேள்வியில்தான்.

"ஏழைகளுக்கு உதவ வேண்டும், சார்" என்று ஒருவர் சொன்னால், "அதற்குச் சமூகப்பணி படிக்கலாமே, ஏன் சட்டம்?" என்று கேட்போம். அங்கேயே பலர் நின்றுவிடுவார்கள். ஒரு மாணவி மட்டும், வீடு காலி செய்தபோது ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடித்ததைச் சொன்னார். "சட்டம் என்ன சொல்கிறதென்று பார்த்தாயா?" என்றோம். பார்த்திருந்தார். தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்றார். அப்புறம் அவரே, "ஆனால் எங்கள் தெருவில் எல்லாரும் பத்து மாதம்தான் வாங்குகிறார்கள்" என்று சேர்த்தார். ஏன் சட்டம் என்று அவரிடம் மறுபடி கேட்கத் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டிலும் ரேஷன் கார்டு, பட்டா, சம்பள பாக்கி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, அதற்கான சட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

கதைப்புத்தகம் படிக்காததற்கு யாரும் மார்க் குறைப்பதில்லை. படிக்காத புத்தகத்தின் பெயரைச் சொல்லி, எதிரில் இருப்பவர் அதைப் படித்திருந்தால் கதை கந்தல். பேப்பர் படிப்பேன் என்றே சொல்லுங்கள். உடனே "இந்த வாரம் எது உங்களை யோசிக்க வைத்தது?" என்று வரும். அதற்குப் பத்துச் செய்திகளின் தலைப்பு தெரிந்து பயனில்லை, ஒரே செய்தி ஆழமாகத் தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு, நம் ஊர் விவகாரமான ஆளுநர் வழக்கு. பேரவை அனுப்பிய மசோதாவை ஆளுநர் என்ன செய்யலாம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு ஒரு பக்கம்கூட வராது, தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. மசோதாவைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் இயன்ற விரைவில் அனுப்ப வேண்டும் என்கிறது, நாள் கணக்கு எதுவும் இல்லை. பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சண்டையெல்லாம் இந்த இரண்டு வரியில்தான்.

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, பேரவை மறுபடி நிறைவேற்றியும் ஆளுநர் ஒப்புதல் தராத தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, ஆளுநர் முடிவெடுக்கக் காலக்கெடுவும் வகுத்தது. பலர் இதோடு நிறுத்திவிட்டு, "மூன்று மாதக் கெடு இருக்கிறது, சார்" என்பார்கள். தயாரிப்பு பாதியில் நின்றது அதிலேயே தெரிந்துவிடும். ஏனென்றால் அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 கேள்விகளை அனுப்பினார். நவம்பர் 20இல் ஐந்து நீதிபதி அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. அதே சமயம், காரணமே இல்லாமல் நெடுநாள் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவிடலாம் என்றும் சொன்னது.

"அப்படியானால் அந்தப் பத்துச் சட்டங்கள் செல்லாதா?" என்று அடுத்து கேட்பார்கள். 143இன்கீழ் வருவது கருத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல என்ற வித்தியாசத்தைச் சொன்னால் போதும். பிறகு "உன் கருத்து என்ன?" என்றால் ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தின் வலுவான காரணத்தையும் நீங்களே சொல்லிவிட்டு நில்லுங்கள். கட்சி மேடை மாதிரி பேசினால், எந்தக் கட்சி என்றாலும், எனக்குச் சலிப்புதான் வரும். (பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கோபமே வரும்.)

நேரம் இருந்தால் ஒரு நாள் காலை எழும்பூர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய், ஒரு கோர்ட் ஹாலின் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். போனை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வழக்குகளில் வாய்தாதான் நடக்கும். அதைப் பார்த்த பிறகும் வக்கீலாக ஆசை இருந்தால், அதையே நேர்காணலில் சொல்லலாம்.

தமிழ் விஷயம்: வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதால், ஆங்கிலத்தில் கேட்டால் புரிகிறதா என்று பார்ப்பார்கள். சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் தொடங்குங்கள். திணறினால், "தமிழில் சொல்லட்டுமா, மேடம்?" என்று கேட்டுவிட்டு மாறுங்கள். நான் இருந்த குழுக்களில் யாரும் மறுத்ததில்லை.