டெர்ட் பியூட்டில மட்டும் பெர்மாங்கனேட் ஏன் விட்டுடுது? கேள்வி பதில்

நிவேதா: அக்கா, டொலுயின், எத்தில் பென்சீன், கியூமீன் மூணுக்குமே சூடான KMnO4 போட்டா பென்சாயிக் ஆசிட்தான் வருது. டெர்ட் பியூட்டில் பென்சீன் மட்டும் ஏன் அசையல?

பதில்: ரிங்குல நேரா ஒட்டியிருக்கிற கார்பன மட்டும் பாரும்மா. அதுல ஒரு ஹைட்ரஜனாவது இருந்தா பெர்மாங்கனேட் அங்கதான் கை வைக்கும், ஏன்னா அந்த ஹைட்ரஜன் போனதுக்கப்புறம் அந்த கார்பனுக்கு ரிங்கோட எலக்ட்ரான் துணை கிடைக்குது, அதனால பிடுங்குறது சுலபம். ஒருதடவ அங்க ஆக்சிஜன் ஏறிடுச்சுன்னா அப்புறம் பெரும்பாலும் நிக்காது, வால்ல எத்தனை கார்பன் இருந்தாலும் உடைஞ்சு போயிடும், கடைசியில ரிங்கும் COOH-ம்தான் மிஞ்சும். டெர்ட் பியூட்டில்ல அந்த கார்பனோட நாலு பாண்டும் கார்பனுக்கே போயிடுச்சு, மூணு மெத்தில், ஒரு ரிங். பிடுங்க ஹைட்ரஜன் இல்ல. மெத்தில்ல ஒன்பது ஹைட்ரஜன் இருக்கேன்னு கேப்பே, அதுக்கு ரிங்கோட துணை கிடையாது, பிடுங்குறது ரொம்ப கஷ்டம்.

சுரேஷ்: எங்க சார் வேற மாதிரி சொன்னாரே, அது குண்டான குரூப்பு, பெர்மாங்கனேட் கிட்டவே நெருங்க முடியாதுன்னு.

பதில்: இடைஞ்சல் இருக்குறது உண்மைதான், ஆனா காரணம் அது இல்ல. கியூமீன்ல இருக்கிற ஐசோபுரோபைலும் கிட்டத்தட்ட அதே குண்டுதான், ஒரு மெத்தில்தான் கம்மி, அது ஆக்சிடைஸ் ஆகுதே? அந்த ஒத்த ஹைட்ரஜன் இருக்கறதாலதான். 4-டெர்ட் பியூட்டில் டொலுயின எடுத்து கொதிக்க வச்சு பாருங்க, ஒரே ரிங்குல ரெண்டு குரூப்பும் இருக்கு, மெத்தில் மட்டும் COOH ஆகும், டெர்ட் பியூட்டில் அப்படியே நிக்கும். கிடைக்கிறது 4-டெர்ட் பியூட்டில் பென்சாயிக் ஆசிட். பரீட்சையில C10H14, ஒரே ஒரு சைடு செயின், சூடான பெர்மாங்கனேட்டுக்கு அசையலன்னு கேட்டா யோசிக்காம டெர்ட் பியூட்டில் பென்சீன்னு எழுதிடலாம்.

முருகன்: எனக்கு வேற பிரச்சனை மேடம். டொலுயினுக்கு போட்ட அளவுலயே எத்தில் பென்சீன் 2.65 கிராமுக்கு பெர்மாங்கனேட் 8 கிராம் போட்டு ரிஃப்ளக்ஸ் பண்ணேன், ஊதா கலர் சுத்தமா போயிடுச்சு, ஆனா ஆசிட் கொஞ்சம்தான் வந்துச்சு, மேல எண்ணெய் மாதிரி மிதக்குது.

பதில்: கலர் போச்சுன்னா ரியாக்‌ஷன் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, பெர்மாங்கனேட் தீர்ந்துடுச்சுன்னும் இருக்கலாம், உங்களுக்கு நடந்தது அதான். டொலுயின் ஒரு மோலுக்கு 2 மோல் போதும். எத்தில் பென்சீன்ல இன்னொரு கார்பனையும் கார்பனேட் வரைக்கும் எரிச்சாகணும், அதனால 4 மோல் வேணும். 2.65 கிராம்னா 25 மில்லிமோல், அப்போ 100 மில்லிமோல், அதாவது 15.8 கிராம் பெர்மாங்கனேட். நீங்க போட்டது பாதி. மிதக்குறது ரியாக்ட் ஆகாத எத்தில் பென்சீன், கூடவே கொஞ்சம் அசிட்டோஃபீனோனும் இருக்கும்.

மறுபடி செய்யும்போது மொத்தமா கொட்டாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஊதா மங்கினதும் அடுத்தத போடுங்க. அடியில பழுப்பா MnO2 படியும், அதுதான் கொதிக்கிற கலவைய குதிக்க வைக்கும், ஸ்டிர்ரர் நிக்காம ஓடணும். கடைசியில ஊதா மிச்சமிருந்தா சோடியம் பைசல்ஃபைட் கொஞ்சம் போட்டு போக்கிட்டு, சூடாவே ஃபில்டர் பண்ணுங்க. அந்த தெளிஞ்ச தண்ணியிலதான் பென்சாயேட் உப்பா கரைஞ்சிருக்கு, எண்ணெய் இருந்தா பிரிச்சு எடுத்துட்டு, ஆற வச்சு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு pH 2 ஆக்கினா வெள்ளையா விழும். நிறைய பேர் அந்த ஃபில்டர் தண்ணிய கீழ ஊத்திட்டு பழுப்பு சேற்றுல ஆசிட்ட தேடுறாங்க! முழுசா வந்தா 3.05 கிராம், அவ்வளவு கிடைக்காது. உருகுநிலை 122 டிகிரி வந்தா சரி, கீழ இறங்கி பரவலா உருகினா அழுக்கு இருக்கு, சுடு தண்ணியில போட்டு திரும்ப படிக வையுங்க. ஒண்ணு, வேகமா முடியணும்னு கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட்ட பெர்மாங்கனேட்ல ஊத்திடாதீங்க, மாங்கனீஸ் ஹெப்டாக்ஸைடு உண்டாகி வெடிக்கும்.

ரஹீம்: டெர்ட் பியூட்டில் ஆல்கஹாலும் ஆக்சிடைஸ் ஆகாதே, அதத்தானே பேசுறீங்க?

பதில்: இல்லங்க, இது ஆல்கஹால் இல்ல, ரிங்கோட ஒட்டின குரூப்பு. ஆனா காரணத்துக்கு சொந்தம் இருக்கு, ரெண்டுலயும் முக்கியமான கார்பன்ல ஹைட்ரஜன் இல்ல.

நிவேதா: அப்போ கியூமீன்ல ஒத்த ஹைட்ரஜன் போய் OH வந்தா அதுவும் ஹைட்ரஜன் இல்லாத ஆல்கஹால்தானே, அங்கயே நின்னுடாதா?

பதில்: சரியா பிடிச்சே. நிக்கும், சிலசமயம் அந்த ஆல்கஹாலாவே வெளிய எடுக்கவும் முடியும். சூட்டுல அது தண்ணிய விட்டுட்டு ரெட்டைப் பாண்டா மாறுச்சுன்னா பெர்மாங்கனேட் அத வெட்டி அசிட்டோஃபீனோன் ஆக்கும், அங்கேருந்து பென்சாயிக் ஆசிட். எவ்வளவு அந்த வழியில போகும்ங்கிறது pH, சூடு, நேரத்தப் பொறுத்தது. முதல்ல ஹைட்ரஜன் அணுவா போகுதா, எலக்ட்ரான் ஜோடியோட ஹைட்ரைடா போகுதான்னும் ஒரே பதில் கிடையாது, புத்தகத்துல ஒத்த அம்புக்குறியா போட்டுடுறாங்க, அத நம்பிடாத.