நெல்லைக் கடைப் பட்டியல் தளம்: "இது என் கடை" என்பவரை எப்படி நம்புவது?

அல்வாக் கடைக்காரர் ஒருவர் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கொடுத்து, கடை தன்னுடையது என்கிறார். சரிபார்ப்பு முத்திரை கொடுக்கலாமா? – பாளையங்கோட்டை வாசகர்

அதை மட்டும் வைத்துக் கொடுக்காதீர்கள். அந்த 14 இலக்க எண் அல்வாப் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். கால் கிலோ வாங்கிய எவரும் அதைப் பார்த்து எழுதிவிடலாம். ஜிஎஸ்டி எண்ணும் அப்படித்தான், பில்லில் இருக்கும். எல்லோர் கண்ணிலும் படுகிற எண் உரிமைக்குச் சான்றாகாது.

ஆனால் ஜிஎஸ்டி எண் வேறு விதத்தில் உதவும். ஜிஎஸ்டி தளத்தில் அதைத் தேடினால், பதிவான பெயரும் கடை முகவரியும் தெரியும். தனிநபர் வணிகம் என்றால் உரிமையாளரின் பெயரே வரும். உங்கள் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிறு கடைகள் பலவற்றுக்கு ஜிஎஸ்டி பதிவே இருக்காது என்பதால், இதைக் கட்டாயமாக்கினால் பாதிக் கடைகள் வெளியே நின்றுவிடும்.

எனவே கடைக்குள் இருப்பவரால் மட்டும் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். பட்டியலில் ஏற்கனவே உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து ஒரு குறியீடு சொல்லுங்கள். உரிமை கோருபவர் அதைத் தளத்தில் பதிய வேண்டும். அவர் புதிதாகத் தருகிற எண்ணுக்கு அனுப்பினால் பயனில்லை, அவருடைய போன் அவரிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அப்புறம், அதே குறியீட்டைத் தாளில் எழுதிப் பிடித்து, பெயர்ப்பலகையும் கடையின் உட்புறமும் தெரிய அன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. வேலைக்கு இருப்பவரும் இவ்வளவையும் செய்துவிடலாம். பத்தமடையில் ஒரு பாய்க் கடையை அண்ணன் தம்பி இருவரும் தன்னுடையது என்று கோருவதாக வைத்துக்கொள்வோம். அண்ணன் முதலில் முத்திரை வாங்கிவிட்டார், தம்பி பிறகு வருகிறார். அண்ணனின் உரிமையை உடனே பறிக்கவும் கூடாது, தம்பியைத் துரத்தவும் கூடாது. பக்கத்தைத் திருத்த முடியாதபடி ஒரு வாரம் பூட்டி, முத்திரையை மறைத்து, இருவருக்கும் தகவல் அனுப்புங்கள். கடை வாடகை ஒப்பந்தமோ, கடை முகவரியில் உள்ள மின் கட்டண ரசீதோ கேளுங்கள். இருவரிடமும் தாள் இருந்தால் அது குடும்பத்து வழக்கு. முத்திரை இல்லாமல் பக்கத்தை அப்படியே விடுங்கள், தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல.

ஊர் ஊராகப் போய் பலகையைப் பார்த்து எண் எடுத்தோம். நிறைய எண்கள் தவறு. ஏன்? – அம்பாசமுத்திரம் வாசகர்

பலகையின் ஓரத்தில், அதைச் செய்து கொடுத்த ஃபிளெக்ஸ் கடையின் எண்ணும் சிறியதாக இருக்கும். எடுத்து எழுதுபவர்கள் அவசரத்தில் அதைக் கடையின் எண் என்று பதிந்துவிடுவார்கள். அப்படி நடந்திருந்தால் ஒரே எண் பல கடைகளில் வரும். இதை ஓட்டிப் பாருங்கள்:

```
SELECT phone, COUNT(*) FROM listings
GROUP BY phone HAVING COUNT(*) > 1;
```

வருவதெல்லாம் தவறு என்று நினைக்க வேண்டாம், கிளைகள் உள்ள கடைக்கும் ஒரே எண் இருக்கலாம். ஜவுளிக் கடைக்கும் டயர் கடைக்கும் ஒரே எண் என்றால் சந்தேகப்படுங்கள். இதைச் சுத்தம் செய்த பிறகே உரிமை கோரலைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் குறியீடு ஃபிளெக்ஸ் கடைக்குப் போய்ச் சேரும்.

எத்தனை வகைகள் வைக்கலாம்? – வள்ளியூர் வாசகர்

குறைவாகத் தொடங்குங்கள். ஐந்து கடையாவது சேராத வகைக்குத் தனிப் பக்கம் வேண்டாம், மேல்வகையிலேயே இருக்கட்டும். ஒரு கடைக்கு ஒரு முதன்மை வகையும், கூடுதலாக இரண்டும் போதும். அளவு வைக்காவிட்டால் எல்லோரும் எல்லா வகையிலும் ஏறிவிடுவார்கள். இடத்தை மாவட்டமாக மட்டும் பிரிக்காமல் ஊராகப் பிரியுங்கள். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகி, சங்கரன்கோவில் அதில் சேர்ந்த பிறகும், அதன் பின்கோடு திருநெல்வேலியைப் போலவே 627இல்தான் தொடங்குகிறது. பின்கோடை வைத்து மாவட்டத்தைத் தானாக நிரப்பினால் தவறாகிவிடும்.

கட்டணம் கட்டியவருக்கு முத்திரையும் சேர்த்துத் தரலாமா? – திருநெல்வேலி டவுண் வாசகர்

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முத்திரை இலவசக் கடைக்கும் ஒரே சோதனையில், ஒரே வேகத்தில் கிடைக்க வேண்டும். காசு வாங்கி விற்க வேண்டியது இடம், படங்கள், வாட்ஸ்அப் பொத்தான் போன்றவை. ஒரு பக்கத்தின் மேலே இரண்டு கட்டணக் கடைகள் போதும், "விளம்பரம்" என்று தெளிவாக எழுதுங்கள். அந்தக் கடைகளின் தளத்துக்குத் தரும் இணைப்பில் `rel="sponsored"` சேருங்கள். காசுக்குத் தந்த இணைப்பு என்று கூகுளுக்குச் சொல்லும் குறி அது. ஆண்டுக் கட்டணம் முடிந்தால் கடை இலவசப் பட்டியலுக்கு இறங்க வேண்டும், முத்திரை அப்படியே இருக்க வேண்டும்.

முத்திரை போக வேண்டிய நேரம் வேறு: போன் எண் மாறும்போது. கணக்கைக் கைப்பற்றியவர் முதலில் மாற்றுவது அதைத்தான், வாடிக்கையாளர்களின் அழைப்பெல்லாம் அவரிடம் போய்விடும். பழைய எண்ணுக்குத் தகவல் அனுப்பி, மூன்று நாள் காத்து, புதிய எண்ணில் மறுபடி சோதித்த பிறகே மாற்றம் பக்கத்தில் வர வேண்டும்.